ஐந்து மாறியை நான்கு மாறி கே-மேப்பில் அடக்கும்போது 2 ஏன் தொலைகிறது, 1 ஏன் நுழைகிறது

"அண்ணே, இங்கே சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். மாதத்தின் தேதி A, B, C, D, E என்று ஐந்து பிட்டில் வரும். தேதி பகா எண்ணாக இருந்தால் எல்.இ.டி. எரிய வேண்டும். 32 கட்டம் போடாமல், நான்கு மாறி கே-மேப் போட்டு E-யைக் கட்டத்துக்குள் எழுதச் சொல்லியிருக்கிறார்கள். எழுதிவிட்டேன். குழு சேர்த்து விடை எடுத்தால் 2-ஆம் தேதி எரியவில்லை, 1-ஆம் தேதி எரிகிறது. எங்கே தப்பு?"

தம்பி, இரண்டும் ஒரே தப்புதான். கட்டம் ஒவ்வொன்றிலும் ஒரு விடை இருப்பதாக நினைத்துக் குழு சேர்த்திருக்கிறீர்கள். இந்த வகை மேப்பில் ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு விடைகள் இருக்கின்றன: E = 0 ஆனால் என்ன, E = 1 ஆனால் என்ன என்று. 2 தொலைந்தது, "1" எழுதிய கட்டத்தில் ஒரு பாதியை மட்டும் மூடிவிட்டு முழுவதும் முடிந்ததாக அடித்துவிட்டதால். 1 நுழைந்தது, பாதி மட்டுமே டோன்ட் கேராக இருந்த கட்டத்தை முழு டோன்ட் கேராக எடுத்துக்கொண்டதால். உங்கள் தாளைப் பார்க்காமலே இதைச் சொல்ல முடிகிறது. இந்தக் கணக்கில் அந்த இரண்டு தேதிகளும் தவறுவதற்கு இவைதான் வழக்கமான வழிகள்.

முதலில் மேப்பைச் சரியாக எழுதிவிடுவோம். A-க்கு மதிப்பு 16, E-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், ABCD நான்கும் சேர்ந்து கட்டத்தின் எண்ணைச் சொல்லும். k என்ற கட்டத்தில் 2k, 2k+1 என்ற இரண்டு தேதிகள் குடியிருக்கும். இரட்டை எண்ணுக்கு E = 0, ஒற்றை எண்ணுக்கு E = 1. இரண்டுமே பகா எண் இல்லையென்றால் 0 எழுதுகிறோம். இரண்டும் பகா எண் என்றால் 1. ஒற்றை எண் மட்டும் பகா எண் என்றால் E, இரட்டை எண் மட்டும் என்றால் E'. உதாரணத்துக்கு 5-ஆம் கட்டத்தில் 10-உம் 11-உம் இருக்கின்றன. 11 மட்டும் பகா எண், ஆகவே E. 7-ஆம் கட்டத்தில் 14, 15. இரண்டும் இல்லை, ஆகவே 0.

```
              CD
          00    01    11    10
AB  00    XE'   1     E     E
    01    0     E     0     E
    11    0     0     E     E
    10    E     E     E     0
```

மேல் இடது மூலையைக் கவனியுங்கள். அது 0-ஆம் கட்டம். அதில் இருப்பவை 0-உம் 1-உம். எந்த மாதத்திலும் 0-ஆம் தேதி கிடையாது, ஆகவே அந்தப் பாதி டோன்ட் கேர், அதாவது X. ஆனால் 1-ஆம் தேதி எல்லா மாதத்திலும் உண்டு, அது பகா எண்ணும் இல்லை, ஆகவே அந்தப் பாதி கட்டாயம் 0. இரண்டையும் சேர்த்துத்தான் XE' என்று எழுதியிருக்கிறேன்: E = 0 பக்கத்தில் நம் இஷ்டம், E = 1 பக்கத்தில் 0. பலர் இங்கே வெறும் X என்று எழுதிவிடுகிறார்கள். நீங்களும் அப்படித்தான் எழுதியிருப்பீர்கள்.

இனி குழு சேர்ப்பது. முதல் சுற்றில் E-யை மட்டும் பாருங்கள். அதாவது மேப்பை E = 1 என்ற கண்ணாடி வழியாகப் பார்க்கிறீர்கள். E எழுதிய கட்டங்கள் எல்லாவற்றையும் மூடியே ஆக வேண்டும். 1 எழுதிய கட்டத்தைக் குழு பெரிதாவதற்காகச் சேர்த்துக்கொள்ளலாம், கட்டாயம் இல்லை. 0-உம், E' உள்ள எதுவும், நம் XE' உட்பட, இந்தக் கண்ணாடியில் 0-தான்.

எந்தக் கட்டத்துக்கு ஒரே ஒரு துணைதான் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்குவது நல்லது. 5-ஆம் கட்டம், அதாவது AB = 01, CD = 01. அதற்குக் கீழே 0, இரண்டு பக்கமும் 0. மேலே உள்ள 1 மட்டும்தான் துணை. இரண்டையும் சேர்த்தால் A'C'D. அடுத்து 8-ஆம் கட்டம், கீழ் இடது மூலை. அதற்கு வலப்பக்கம் 9-ஆம் கட்டம் துணை, சேர்த்தால் AB'C'. கீழ் வரிசையும் மேல் வரிசையும் ஒட்டியவை என்பதால் மேல் இடது மூலையும் இதற்குப் பக்கத்து வீடுதான்.

இங்கேதான் ஆசை காட்டும். மேல் இடது மூலையை X என்று எழுதியிருந்தால் 0, 1, 8, 9 நான்கையும் ஒரே குழுவாக்கி B'C' என்று எடுத்துவிடலாம், ஒரு எழுத்து மிச்சம். E-யோடு சேர்த்தால் B'C'E. அதில் A = 0, D = 0 போட்டுப் பாருங்கள்: 00001. 1-ஆம் தேதி எரிந்துவிட்டது. உங்கள் சர்க்யூட்டில் நடந்தது இதுவாகவோ, மேல் வரிசை நான்கையும் சேர்த்து A'B'E என்று எடுத்ததாகவோ இருக்கும். இரண்டிலும் 1 நுழைந்துவிடும்.

மீதியைப் பார்ப்போம். CD = 01, 11 என்ற இரண்டு நடு நெடுவரிசைகளில் மேல் வரிசையும் கீழ் வரிசையும் முழுக்க நிரம்பியிருக்கின்றன: 1, 3, 9, 11 ஆகிய கட்டங்கள். இது நான்கு கட்டக் குழு, B'D. இந்தக் கணக்கில் E கண்ணாடியில் கிடைக்கும் ஒரே நான்கு கட்டக் குழு இதுதான். மேல், கீழ் வரிசைகள் ஒட்டியவை என்று மறந்தால் இதைத் தவறவிட்டு, 1-3 தனி, 9-11 தனி என்று இரண்டாக எடுத்துவிடுவோம். கடைசி நெடுவரிசையில் 2, 6, 14 கிடக்கின்றன, 14-க்குப் பக்கத்தில் 15. அதனால் 2-6 ஒரு ஜோடி, A'CD'. 14-15 ஒரு ஜோடி, ABC. 6-ஐ 14-உடன் சேர்த்தால் 2-க்கும் 15-க்கும் தனித்தனியாக ஜோடி தேட வேண்டிவரும், B'D-யை வைத்துக்கொண்டால் ஓர் உறுப்பு கூடிவிடும்.

முதல் சுற்றின் முடிவில் இது கிடைத்திருக்கிறது:

```
E(B'D + A'C'D + AB'C' + A'CD' + ABC)
```

இரண்டாம் சுற்று E' உள்ள கட்டங்களுக்கு. கட்டாயம் மூட வேண்டிய E' நம்மிடம் ஒன்றுகூட இல்லை, இருப்பது இஷ்டப்பட்டால் எடுக்கலாம் என்ற XE' மட்டும். இதனால்தான் பலர் இந்த இடத்தில் "முடிந்தது" என்று பேனாவை வைத்துவிடுகிறார்கள். 1-ஆம் கட்டத்தைச் சுற்றி ஏற்கெனவே இரண்டு வட்டங்கள் இருக்கின்றன, B'D-யிலும் A'C'D-யிலும். பார்க்க மூடிய மாதிரியே இருக்கும். ஆனால் அந்த இரண்டு வட்டங்களும் E-யால் பெருக்கப்படுபவை. அவை மூடியது 3-ஐ மட்டும். அதே கட்டத்தின் E = 0 பாதியில் 2 இன்னும் வெளியே நிற்கிறது. பகா எண்களில் இரட்டை எண் அது ஒன்றே ஒன்று, அதனால் மேப்பிலும் தொலைவது அது ஒன்றே ஒன்று.

ஆகவே 1 எழுதிய கட்டத்தை அடிப்பதற்கு முன் ஒரே ஒரு கேள்வி: E இல்லாத வட்டம் ஏதாவது இதை மூடுகிறதா? ஆம் என்றால் முடிந்தது. இல்லையென்றால், E உள்ள வட்டம் ஒன்று, E' உள்ள வட்டம் ஒன்று, இரண்டும் இருக்க வேண்டும். தாளில் செய்யும்போது, E வட்டம் மூடிய 1-க்குக் குறுக்கே ஒரு கோடு, E' வட்டம் மூடினால் எதிர்க் குறுக்கே இன்னொரு கோடு என்று போடுங்கள். பெருக்கல் குறி முழுதாக விழுந்தால்தான் அந்தக் கட்டம் முடிந்தது.

இப்போது 2-ஐ மூட இரண்டு வழிகள். ஒன்று, E' கண்ணாடியில் பார்த்து, 0-ஆம் கட்டத்தின் X-ஐச் சேர்த்துக்கொண்டு 0-1 என்று ஜோடியாக்குவது: A'B'C'E'. இங்கே X-ஐப் பயன்படுத்துவது நியாயம்தான், ஏனென்றால் E = 0 பாதியில் அது உண்மையிலேயே X. இன்னொரு வழி, 1-ஆம் கட்டத்தைத் தனியாக, E இல்லாமல், முழுதாக மூடுவது: A'B'C'D. இரண்டிலும் நான்கு எழுத்துகள். எழுத்து எண்ணிக்கையைப் பார்த்தால் சமம். வகுப்பில் இரண்டில் எதை எழுதினாலும் மார்க் கிடைக்கும்.

நான் இரண்டாவதைத்தான் எடுப்பேன். முதலாவது காரணம், E' வேண்டாம், ஓர் இன்வர்ட்டர் மிச்சம். இரண்டாவது, சர்க்யூட்டுக்கு மின்சாரம் கொடுத்தவுடன் கவுன்ட்டர் 00000-இல் இருந்தால், A'B'C'E' எடுத்த சர்க்யூட் விளக்கை எரியவிடும்; A'B'C'D எடுத்தது எரியவிடாது. 0-ஆம் தேதி வராது என்றுதான் X போட்டோம், ஆனால் ரீசெட் ஆன கவுன்ட்டருக்குக் காலண்டர் தெரியாது. மூன்றாவது காரணம்தான் எனக்கு முக்கியம். ABCD = 0001 என்று அப்படியே இருக்க, E மட்டும் 1-லிருந்து 0-க்கு இறங்குகிறது என்று வையுங்கள், 3-லிருந்து 2-க்கு. E-யை நம்பிய உறுப்புகள் உடனே அணைந்துவிடும். A'B'C'E' விழிப்பதற்கு இன்வர்ட்டரின் சில நானோ விநாடிகள் தாமதம் உண்டு. அந்த இடைவெளியில் வெளியீடு 0-க்கு ஒரு முறை சரிந்து எழும். கண்ணுக்கு எல்.இ.டி.யில் தெரியாது. ஆனால் இந்த வெளியீட்டை ஒரு கவுன்ட்டரின் கிளாக்கில் கொடுத்தால் அது ஓர் எண் கூட எண்ணிவிடும். A'B'C'D-யில் E-யே இல்லை, ஆகவே E மாறும்போது அது அசையாமல் நிற்கும், சரிவு வராது.

முழு விடை:

```
f = E(B'D + A'C'D + AB'C' + A'CD' + ABC) + A'B'C'D
```

விரித்து எழுதினால் ஆறு உறுப்புகள். இதற்குக் குறைவான உறுப்புகளில் இந்தச் செயல்பாட்டை அன்ட்-ஆர் வடிவில் எழுத முடியாது. E கண்ணாடியில் ஐந்துக்குக் குறையாது, 2-க்குத் தனியாக ஒன்று வேண்டும்.

கையால் 31 தேதிகளையும் சரிபார்ப்பது அலுப்பு. பைத்தான் இருந்தால் இது போதும்:

```python
def f(n):
    A, B, C, D, E = [(n >> k) & 1 for k in (4, 3, 2, 1, 0)]
    a, b, c, d = 1-A, 1-B, 1-C, 1-D
    return E & (b&D | a&c&D | A&b&c | a&C&d | A&B&C) | a&b&c&D

print([n for n in range(1, 32) if f(n)])
```

2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31 என்று பதினொன்று வர வேண்டும். கடைசியில் உள்ள `| a&b&c&D` பகுதியை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள், 2 மட்டும் காணாமல் போகும். `A&b&c` இருக்கும் இடத்தில் `b&c` என்று மாற்றினால் 1 மட்டும் கூடுதலாக வரும். உங்கள் இரண்டு தப்பையும் தனித்தனியாகக் கண்ணால் பார்க்கலாம்.

எந்த மாறியை உள்ளே வைப்பது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். உங்கள் ஆசிரியர் E-யைத் தேர்ந்தெடுத்தது தற்செயல் இல்லை. 2-ஐத் தவிர எல்லாப் பகா எண்ணும் ஒற்றை என்பதால், E-யை உள்ளே வைத்தால் கட்டங்களில் E, 0 இரண்டும்தான் பெரும்பாலும் வருகின்றன, 2-ஐத் தவிர மற்றதெல்லாம் ஒரே சுற்றில் முடிகிறது. A-யை உள்ளே வைத்து BCDE-க்கு மேப் போட்டால் கதை வேறு. அப்போது k-யும் k+16-உம் ஒரே கட்டத்தில். 1-ஆம் கட்டத்தில் A (17 மட்டும் பகா எண்), 2-இல் A', 3-இல் 1, 5-இல் A', 7-இல் 1, 11-இல் A', 13-இல் 1, 15-இல் A. 0-ஆம் கட்டத்தில் இப்போது XA': 0 இஷ்டம், 16 கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். A, A' இரண்டு சுற்றுகளும் உண்மையாகவே தேவைப்படும்.

ஆனால் பயிற்சிக்கு அந்த மேப்பையும் ஒரு முறை போட்டுப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் E மேப்பில் நடக்காத ஒன்று அங்கே நடக்கும். 13-ஆம் கட்டத்தில் (13-உம் 29-உம் இருக்கும் இடம்) 1 இருக்கிறது. அதை 5-உடன் A' வட்டத்தில் சேர்த்தால் A'CD'E. 15-உடன் A வட்டத்தில் சேர்த்தால் ABCE. இரண்டு பாதியும் வெவ்வேறு வட்டங்களால் மூடப்பட்டுவிட்டன, பெருக்கல் குறி முழுதாகிவிட்டது, அந்தக் கட்டத்துக்குத் தனி உறுப்பு தேவையில்லை. 3-உம் 7-உம் இரண்டிலும் 1, ஒட்டியவை, ஆகவே A இல்லாமலே B'DE என்று ஒரே வட்டம். கடைசியில் வருவது அதே ஆறு உறுப்புகள்தான். எந்த மாறியை உள்ளே வைத்தாலும் செயல்பாடு மாறாது, நீங்கள் தடுக்கி விழக்கூடிய இடங்கள்தான் மாறும்.

கட்டத்துக்குள் இரண்டு மாறிகளை வைத்து ஆறு மாறிச் செயல்பாட்டையும் இதே பதினாறு கட்டத்தில் போடலாம் என்று யாராவது சொல்வார்கள். போடலாம். ஆனால் ஒரு கட்டத்துக்குள் நான்கு விடைகள் வந்துவிடும், குறுக்குக் கோடு போட்டுக் கணக்கு வைக்கவும் முடியாது. அந்த அளவுக்குப் போனால் நான் கையால் செய்யமாட்டேன், கணினியிடம் விட்டுவிடுவேன்.

கேட்டுகளை அடுக்கிச் சாலிடர் செய்ய அலுப்பாக இருந்தால், இந்த மேப்பை அப்படியே பதினாறு வழி மல்டிபிளெக்சரில் போட்டுவிடலாம். அப்போது குழு சேர்க்கும் வேலையே இல்லை. சிம் லிம் டவர் பக்கம் போனால் 74HC4067 இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். A, B, C, D நான்கையும் S3, S2, S1, S0 என்ற தேர்வுக் கால்களில் அதே வரிசையில் கொடுங்கள். பிறகு மேப்பில் k-ஆம் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதை Yk காலில் இணையுங்கள். Y1-க்கு மின்னழுத்தம், Y2, Y3, Y5, Y6, Y8, Y9, Y11, Y14, Y15 ஒன்பதுக்கும் E, மற்றவை எல்லாம் கிரவுண்ட். XE' எழுதிய Y0-வையும் கிரவுண்டில் போடுங்கள், அதைத் தொங்கவிட வேண்டாம். விடை Z காலில் வரும். அது அனலாக் ஸ்விட்ச் வகைச் சில்லு, ஆகவே எல்.இ.டி.யை Z-இல் நேராகத் தொங்கவிடாமல் ஒரு டிரான்சிஸ்டர் வழியாக ஓட்டுங்கள். அதே சில்லில் எனேபிள் காலுக்கும் டேட்டா ஷீட்டில் தலையில் கோடு போட்ட E என்றுதான் பெயர். அதற்கும் நம் E-க்கும் சம்பந்தம் இல்லை. அதை கிரவுண்டில் கட்டிவிட வேண்டும்.

இணைத்த பிறகு தவறு வந்தால், அநேகமாகத் தேர்வுக் கால்களைத் தலைகீழாகக் கொடுத்திருப்பீர்கள், A-யை S0-இல், D-யை S3-இல். அதைக் கண்டுபிடிக்க 31 தேதிகளையும் ஓட்ட வேண்டாம், 16-ஐ மட்டும் கொடுத்துப் பாருங்கள். 16 என்பது 8-ஆம் கட்டம். தலைகீழாக இணைத்திருந்தால் அது Y1-க்குப் போய் விளக்கு எரியும். கூடவே 5 அணைந்திருக்கும், 9 எரியும்.